பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ‘என் தோல்வி’ என்று பதினைந்து நிமிடம் பேச ஐஸ்கிரீம் கம்பெனிக்காரரை அழைத்திருந்தார்கள். போன வருஷம் அவர் பேசியபோது டீ குடிக்கப் போன பாதிக் கூட்டம் திரும்பவே இல்லை. இந்தத் தடவையும் அப்படியானால் இனி மேடைப் பக்கம் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பயத்தில் மனைவி முன் நின்று ஒத்திகை பார்த்தார்.

“பத்து வயசுல பரீட்சையில தோத்தேன். இருபதுல வேலை போச்சு. முப்பதுல…”

“அறுபது வரைக்கும் போகுமா? துணி மடிக்கணும்.”

“எல்லாத்துலேருந்தும் எழுந்தேன், ஃபீனிக்ஸ் பறவை மாதிரி!”

“அந்தப் பறவையும் எத்தனை மேடையிலதான் எழுந்திருக்கும்? பாவம், கொஞ்சம் உட்கார விடுங்க.”

அவளுக்குப் பேச்சாளர்களைத் தெரியும். தோல்விக்குப் பட்டுச்சட்டை மாட்டித்தான் மேடைக்குக் கூட்டி வருவார்கள். விழுந்த கதைக்கு இரண்டு வரி, எழுந்த கதைக்கு அரைமணி. கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சாது.

“ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. ஃப்ரீசர் ரூம் உருகின கதை.”

“அது அவமானம்டி.”

“பின்ன எதுக்குத் தோல்வின்னு தலைப்பு? என்ன நடந்தது, நீங்க எங்க தப்பு பண்ணீங்க, அப்புறம் என்ன மாத்தினீங்க, கேக்கறவங்க நாளைக்கு என்ன செய்யலாம். சொல்லிட்டு இறங்கிடுங்க.”

“கூட்டிப் பெருக்கற அம்மா சொன்னதையுமா?”

“அதை விட்டா கதையே இல்ல.”

கூட்டத்தில் அவர் அப்படியே சொன்னார். ஃப்ரீசர் நின்றால் அலற ஒரு மணி வைத்திருந்தார். “கரண்ட் போனா இது எப்படிய்யா அடிக்கும்?” என்று பெருக்க வந்த அம்மா கேட்டார். “உன் வேலையைப் பாரு” என்றார் இவர். கடவுள் எச்சரிக்கையை யார் வாயில் வைத்து அனுப்புகிறார் என்று பெரிய மனிதர்களுக்கு எங்கே தெரிகிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போயிற்று. ஒரே லைனில் இருந்த ஃப்ரீசரும் மணியும் சேர்ந்தே செத்தன. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் வெள்ளம்.

“இப்போ மணிக்குத் தனி பேட்டரி. மாசா மாசம் பிளக்கைப் பிடுங்கி, அடிக்குதான்னு பாக்கறோம். உங்க கடையில எது நின்னா எது உங்களுக்குச் சொல்லும்? அதுவும் கூடவே நின்னுடுமா? ஒரு தடவை பிடுங்கிப் பாருங்க.”

மண்டபத்துக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருக்கும் அம்மா எழுந்து வெளியே போனார். மேடையில் இவர் முகம் தொங்கிவிட்டது. ‘டீ யாத்திரை கிளம்பியாச்சு’ என்று நினைத்துக்கொண்டாள் கடைசி வரிசையில் இருந்த மனைவி.

அவர் பேசி முடிப்பதற்குள் அந்த அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிப் பாத்தேன் அண்ணே, மணி அடிக்கல! உள்ள பூரா இன்சுலின். அந்த பேட்டரியை எப்படி மாட்டினீங்க?”

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். பறவை வெளியே வரப் பார்த்தது. அங்கிருந்தே மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

“அது… எங்க பெருக்கற அம்மாதான் ஆளைக் கூட்டிட்டு வந்து மாட்ட வெச்சாங்க. வாங்க, அவங்களையே கேட்டுடலாம்” என்று மேடையை விட்டு இறங்கினார்.