செல்வதாசும் பேசினார்

உணவுப் பஞ்சம் பற்றி எங்கள் கல்லூரியில் நடந்த கருத்தரங்கைக் கல்லூரி மலருக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. நான்கு பக்கம் எழுதிக்கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன். எழுத்துக் கோக்கும் ஞானையன் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கந்தான் மக்கா. நாப்பது வரி. அதுக்கு மேல எடமில்ல."

வெட்டினேன். பூதப்பாண்டி விவசாயி தாணுலிங்கம் விதைநெல்லைக் கொள்முதலில் பிடிக்கக் கூடாது என்றார், அது நின்றது. இரண்டாம் பூ நெல் சாகுபடிக்குக் கால்வாயை முன்கூட்டியே திறக்க வேண்டும் என்றார் பொருளாதாரப் பேராசிரியர், அதுவும் நின்றது. மரச்சீனிக் கிழங்கை மட்டும் தின்றால் பிள்ளைகளுக்குக் கால் வீங்கும், கூடவே மீனும் பயறும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நின்றது. கடைசியாக, "மாணவர் செல்வதாசும் பேசினார்." சரியாக நாற்பது வரி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அச்சுப்படியைப் பேசியவர்களிடம் காட்டுவது வழக்கம். இராஜாக்கமங்கலம் கடற்கரைப் பையன் செல்வதாஸ் அதை இரண்டு தடவை வாசித்தான்.

"நான் பேசினேம்னு இருக்கு. என்ன பேசினேம்னு இல்லியே. எங்க ஊர்ல கோயில் முற்றத்துல வச்சு இதை வாசிப்பாவ. நான் என்ன சொன்னேம்னு கேட்டா என்ன சொல்லட்டு?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "எடம் இல்ல," என்றேன்.

"டாக்டர் மீன் திங்கச் சொல்லுதாரு. சாளை மீன் அள்ளிக்கிட்டு வரும்போது உப்பு இல்லாம கரையில அழுகிப் போவுதுன்னு நான் சொன்னேன். அது இல்லாட்டா அவரு சொன்னது யாருக்கு?"

அவன் போன பிறகு அச்சுப்படியை மறுபடி பார்த்தேன். இறைவணக்கம், குத்துவிளக்கு, மாலை மரியாதை: இரண்டு வரி. தலைவரின் பட்டங்கள்: ஒரு வரி. "செல்வி விக்டோரியா நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது": ஒரு வரி. அந்த விக்டோரியா நான்தான். அந்த வரிக்காகத்தான் நெய்யூரில் என் அப்பா மலரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

நாலையும் அடித்தேன். என் வரியை அடிக்கும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. "செல்வதாசும் பேசினார்" என்ற வரியோடு சேர்த்து ஐந்து வரி கிடைத்தது. சாளைக் காலம் தொடங்குமுன் கரைக்கே உப்பு வந்து சேர வேண்டும் என்று அவன் சொன்னது அதில் முழுதாக அடங்கியது. ஞானையன் முணுமுணுத்துக்கொண்டே கோத்த எழுத்தைப் பிரித்தார்.

மலர் வந்த மறுவாரம் செல்வதாஸ் என்னைத் தேடி வந்தான்.

"முற்றத்துல ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாவ. எங்க அம்மை கேக்கா, இதை யாரு எழுதினான்னு. உங்க பேரையே காணல்லியே."

கருத்தரங்கு மேடையில் நான் இருபத்திரண்டு பேருக்கு நன்றி சொன்னேன், பந்தல்காரர் உட்பட. பேசிய இவனை விட்டுவிட்டேன். இவன் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் குத்துவிளக்கையும் மாலையையும் அச்சடித்துவிட்டுப் பெருமைப்பட்டிருப்பேன்.

"ரொம்ப நன்றி, செல்வதாஸ்," என்றேன்.

நன்றி சொல்ல வந்தவன் விழித்துக்கொண்டு நின்றான்.