பதினாறாவது வரியில் ஒரு நல்வாய்ப்பு

கெட்டது வரும் என்று பயப்பட எங்கள் கொம்பனியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நல்லது வந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் குனிந்து போனைப் பார்ப்பார்கள்.

என் பெயர் ரொஷேல். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிப் பக்கம் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு கட்டட நிறுவனத்தில் திட்டமிடல் வேலை பார்க்கிறேன். றிஸ்க் ஏடு என் கையில்தான் இருக்கிறது. ஒரு வேலையில் என்னென்ன பிழையாகலாம், எத்தனை வீதம் சாத்தியம், பிழையானால் எவ்வளவு அடி, யார் பொறுப்பு என்பதையெல்லாம் அதில் எழுதுவேன். எதிர்பாராமல் நமக்குச் சாதகமாக நடக்கக்கூடியவற்றையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். அவையும் நிச்சயமில்லாதவைதான், ஆனால் காற்று நம் பக்கம் அடிக்கிறது. கெட்டவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் தீட்டினேன். சிவப்பு மேலே, பச்சை கீழே. அந்த வரிசையை வைத்தது நான். வேறு யாருடைய தலையிலும் அதைக் கட்டமுடியாது.

வேலை கொட்டாஞ்சேனையில். ஒரு கத்தோலிக்க அறக்கட்டளைக்காகப் பழைய களஞ்சியம் ஒன்றைப் பன்னிரண்டு கட்டில் கொண்ட டயாலிசிஸ் நிலையமாக மாற்றிக்கொண்டிருந்தோம். தளத்தில் மேற்பார்வை றேமண்ட் அங்கிள். ஐம்பத்தெட்டு வயது, துறைமுகத்தில் வேலை பழகிய கை. அவருடைய மனைவி றோஸி அன்ரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று டொக்டர் எழுதியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு முறைதான் கிடைத்தது. எங்கள் நிலையம் திறக்கும் நாளில் முதல் பட்டியலில் றோஸி அன்ரியின் பெயர் இருக்கும் என்று அறக்கட்டளை வாக்குக் கொடுத்திருந்தது. அதனால் றேமண்ட் அங்கிள் எங்கள் காலண்டரை எங்களைவிடக் கவனமாகப் பார்த்தார்.

டயாலிசிஸ் மெஷின் எத்தனை இருந்தாலும் சுத்தமான தண்ணீர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரவேண்டும். அது வந்து, பொருத்தி, நிலையம் திறக்க இன்னும் பதினொரு கிழமை இருந்தது.

அப்போதுதான் எங்கள் கொள்வனவு அதிகாரி நபீஸ் வியர்த்து வழிய ஒபிசுக்கு வந்தார்.

"மிஸ், ஒரு நல்ல செய்தி. மாலைதீவு ஆஸ்பத்திரி ஒண்டு ஓடர் பண்ணின பிளான்ட், அவங்க வேணாண்டிட்டாங்க. சாமான் கொழும்பிலயே, ஒருகொடவத்தை வெயார்ஹவுஸ்ல ஈக்கி. கண்ணால பாத்திட்டு வாறன்."

"எங்கட அளவுக்குச் சரியா வருமா?"

"வரும் போல ஈக்கி. ஏஜண்ட் ரெண்டு கிழம வெச்சிருக்கேலும் எண்டு செல்றார். ஆனா எழுத்தில ஓடர் வேணும், பிளான்ட் வெக்கிற ரூம் ரெடி எண்டு கடிதமும் வேணும். பொருத்திப் பூட்டுற டெக்னீஷியன் கொழும்பில நிக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான்."

அன்றே பதினாறாவது வரியில் பச்சையில் எழுதினேன். பூட்டிய பிறகு குழாய்களைக் கிருமி நீக்கி, தண்ணீர் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவு சரியென்று வந்த பிறகுதான் நோயாளியைத் தொடலாம். அவ்வளவையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நிலையம் எட்டுக் கிழமை முந்தித் திறக்கும். பொறுப்பு: நபீஸ். சாத்தியம்: நாற்பது வீதம்.

எங்கள் கூட்டம் ஒவ்வொரு வெள்ளியும் பத்தரைக்கு. முதல் வெள்ளி எப்படியோ பச்சைக்கு நேரம் கிடைத்தது. தலைமை தாங்குபவர் எங்கள் பணிப்பாளர் சவுந்தரநாயகம் சேர். சூடு கண்ட பூனை. முன்பு ஒரு வேலையில் அவசரப்பட்டுப் பொருள் வாங்கி, பொருந்தாமல் போய், பெயர் கெட்டவர்.

"இதில என்ன இருக்கு? கிடைச்சா எடுப்பம், கிடைக்காட்டி விடுவம். அப்பிடியே எழுதுங்கோ" என்றார்.

"அது ஒண்டும் செய்யாமல் இருக்கிறது சேர். வந்தால் வாங்கிக்கொள்ளுற வழி. சின்ன நன்மைக்கு அது சரி. இது எட்டுக் கிழமை" என்றேன்.

"அப்ப என்ன சொல்லுறியள்?"

"கட்டாயம் நடக்கிற மாதிரிச் செய்வம். இண்டைக்கே ஓடர் குடுப்பம். ஓடு பதிக்கிற ஆக்களை நிப்பாட்டிப்போட்டுத் தண்ணீர் ரூமுக்கு அனுப்புவம். கழிவு வாய்க்கால், கரண்ட் லைன் ரெண்டும் முடிஞ்சால் கடிதம் குடுக்கலாம். நாற்பது வீதத்தை நூறாக்கலாம்."

சேர் நெற்றியைத் தடவினார். "அளவு சரியெண்டு தெரியாமல் ஓடர் குடுக்கிறதோ? பிள்ளை பிறக்க முந்திப் பேர் வைக்கிற கதை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். கடைசியில் நடு வழிக்கு வந்தோம். முழுதாக இறங்காமல், சாத்தியத்தை மட்டும் கூட்டுவது. நபீஸ் ஏஜண்டைக் கைக்குள் வைத்துக்கொள்வார். அளவு விபரங்களை எடுத்து அறக்கட்டளையின் பொறியியலாளருக்கு அனுப்புவார். அவர் சரியென்றால் அடுத்த வெள்ளி முழுதாக இறங்குவதா என்று முடிவு செய்வோம். நல்ல திட்டம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

கூட்டம் கலையும்போது சேர் என்னைக் கூப்பிட்டார். "றேமண்டுக்கு இதைச் சொல்லவேண்டாம். ஆசை காட்டி ஏமாத்தின மாதிரிப் போகும்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் யார்தான் நல்லதை முன்கூட்டிச் சொல்கிறார்கள்? விசா கையில் கிடைக்கும்வரை வாய் திறக்கமாட்டோம், வயிற்றில் பிள்ளை நின்றால் மூன்று மாதம் மறைப்போம். கண் படும், வாய் படும். கெட்ட செய்தியை மட்டும் தெருமுனையில் நின்று சொல்வோம். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பொறியியலாளரின் பதில் வந்தது. அளவு கச்சிதம். நாற்பதை அழித்து எழுபத்தைந்து என்று எழுதினேன். அந்தக் கிழமை தளத்துக்குப் போனபோது றேமண்ட் அங்கிள் தேநீர் வாங்கித் தந்தார். றோஸி அன்ரிக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, கதிரையில் இருந்தபடி தூங்குவதாகச் சொன்னார்.

"இன்னும் பத்துக் கிழமை எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன். விரல் மடிச்சு எண்ணுறா, மிஸ்" என்றார்.

எட்டைக் கழித்துவிடலாம் அங்கிள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

இரண்டாவது வெள்ளி. மேலே பதினைந்து சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாக வந்தோம். ஏழாவது வரியில் ஓட்டின் நிறம் மாதிரியோடு பொருந்தாமல் போகலாம் என்று இருந்தது. அந்த நிறத்துக்கு நாற்பது நிமிடம் போனது. வெளிர் நீலமா கடல் நீலமா என்று பெரிய மனிதர்கள் நாலு பேர் சண்டை பிடித்தார்கள். நான் இரண்டு முறை "பதினாறாவது வரி" என்றேன். "வரிசையா வருவம்" என்றார் சேர். என் வரிசையை எனக்கே காட்டினார்.

பன்னிரண்டு அடிக்கும்போது பதினோராவது வரியில் நின்றோம். நபீஸ் எழும்பினார். ஜும்மாத் தொழுகை. அவர் எழும்புவார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு வெள்ளியும் எழும்புகிறவர்தான். தெரிந்துகொண்டே அவர் பெயர் போட்ட வரியைக் கடைசியில் வைத்தவள் நான்.

"சேர், பிளான்ட் விசயம் ஒரு முடிவு செல்லுங்க, பள்ளிக்குப் போற வழியில கோல் பண்றன்" என்றார் நபீஸ், கதவடியில் நின்று.

"ரூம் ரெடி இல்லாமல் என்னத்தைச் சொல்லுறது? அந்த வாய்க்கால் கொங்கிறீட்டை உடைக்கவேணும். குறைஞ்சது ரெண்டு கிழமை. பொய்க் கடிதம் குடுக்கேலாது."

"றேமண்ட் அங்கிளிட்டக் கேட்டுப் பாப்பமா சேர்?" என்றேன்.

"கேட்டால் ஏனெண்டு கேப்பார். திங்கட்கிழமை ஆறுதலாக் கதைப்பம்."

திங்கட்கிழமை பௌர்ணமி, போயா லீவு. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது, கூட்டம் கலைந்த பிறகு. தளத்தின் இலக்கத்தைப் போனில் எடுத்தேன். ஒரு கேள்விதான்: வாய்க்காலுக்கு எத்தனை நாள் வேணும் அங்கிள்? கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும், புரிந்தால் ஆசைப்படுவார், நடக்காவிட்டால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை நபீஸ் என் மேசைக்கு வந்து நின்றார். பிளான்ட் போய்விட்டது என்றார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி சனிக்கிழமையே எழுத்தில் ஓடர் கொடுத்து, ரூம் படத்தையும் அனுப்பி, பிளான்டை எடுத்துவிட்டது. ஏஜண்டில் பிழை இல்லை. சொன்ன இரண்டு கிழமையும் காத்திருந்தார், அது வெள்ளியோடு முடிந்தது.

பதினாறாவது வரியைச் சாம்பல் நிறமாக்கினேன். சேர் "அது எங்கட பொருள் இல்லையெண்டு இருந்திருக்கு" என்றார். மேசையில் இருந்த கல்குலேட்டரை அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. சம்பளம் வேண்டுமே.

பதினாறாவது வரியை எழுதி ஐந்தாவது கிழமை றோஸி அன்ரி இறந்தார். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். கிழமைக்கு அந்த மூன்றாவது முறையும் கிடைத்திருந்தால் இருந்திருப்பாரா என்று எந்த டொக்டரும் எழுதித் தரமாட்டார். எனக்கும் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் மரண வீட்டுக்குப் போனேன், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன், றேமண்ட் அங்கிளின் கையைப் பிடித்தேன்.

எட்டாம் நாள் றேமண்ட் அங்கிள் வேலைக்கு வந்தார். கப்பல் பிளான்டுக்காகத் தண்ணீர் ரூமைத் தயார்படுத்தச் சொன்னோம். புதனன்று தொடங்கினார். வியாழன் பின்னேரம் வாய்க்காலும் கரண்ட் லைனும் முடிந்தன என்று போனில் சொன்னார். நான் நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் காட்டினார். தேங்காமல் ஓடியது.

அந்த மாத முடிவில் "கற்ற பாடங்கள்" படிவம் போனது. தவறிய வாய்ப்புகளையும் அதில் எழுத வேண்டும், தள மேற்பார்வையாளரும் ஒப்பமிட வேண்டும். நானே கொண்டுபோனேன். வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதைச் செய்ய மட்டும் மனம் வரவில்லை. றேமண்ட் அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீமெந்து மூட்டையில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பிளான்ட் ஒருகொடவத்தையில இருந்ததா, மிஸ்?"

"ஓம் அங்கிள்."

"எட்டுக் கிழமை முந்தித் திறந்திருக்கலாம்."

"ஓம்."

"ரூம் ரெடியில்லையெண்டு போட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நாள் வேலை. பாத்தனீங்கள்தானே. எண்ட ஆக்கள் வராட்டி நான் தனியா வெட்டியிருப்பன்."

"சொல்லியிருக்கவேணும் அங்கிள். நடக்காட்டி நீங்கள் ஆசைப்பட்டு மனம் உடைஞ்சு போவீங்கள் எண்டு…"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"ஆசை இல்லாமலா மகள் அவ அவ்வளவு நாளும் கதிரையில இருந்து நித்திரை கொண்டவ?" என்றார்.

பிறகு பேனையைக் கேட்டார். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். விரலால் காட்டினேன். அதில் "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.