பட்டியலில் எட்டாவது அறை

புது கிளினிக்குக்காக டாக்டர் தன் கைப்பட எழுதித் தந்த தேவைப் பட்டியலை ஆர்க்கிடெக்ட் மறுபடி வாசித்தாள். இரண்டு பரிசோதனை அறை, கட்டுப்போடும் அறை, ரத்தம் எடுக்க ஓர் இடம், இருபது பேர் காத்திருக்கக் கூடம், சக்கர நாற்காலி திரும்பும் கழிப்பறை, ஸ்டோர். எட்டாவதாக, நோயாளியின் குடும்பத்தாரோடு பேச ஒரு சின்ன அறை. பத்து மாதத்தில் கட்டடம் கைக்கு வந்தாக வேண்டும்.

"எல்லாம் சேர்த்தா ஆயிரத்து எண்ணூறு சதுர அடி வருது டாக்டர். உங்க பட்ஜெட் ஆயிரத்து எழுநூறுக்குத்தான் தாங்கும்."

"பட்ஜெட்ல கை வைக்க முடியாதும்மா. அந்தப் பேசற அறையை எடுத்துடுங்க. வராந்தாவிலயே சொல்லிக்கலாம்."

அவளுக்கும் வராந்தாவில்தான் சொன்னார்கள், வேறோர் ஆஸ்பத்திரியில், மூன்று வாரத்துக்கு முன்னால். கணவனுக்கு இனி வைத்தியம் பலிக்காது என்பதை, ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடி கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. வேலைக்கு மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

"அந்த அறை இருக்கட்டும் டாக்டர்," என்றாள். "ஸ்டோரைப் பாதியாக்கி, சுவர் முழுக்க அலமாரி அடிச்சுடலாம். கூடத்தைப் பதினஞ்சு பேருக்குக் குறைச்சா கணக்கு சரியா வரும்."

"அந்த அறை அவ்வளவு அவசியமா?"

"நாலு நாற்காலி, சாத்திக்க ஒரு கதவு. அது போதும்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, போடுங்க."

பட்டியலில் எட்டாவது அறைக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்று எழுதினாள். "அடுத்து, எந்த மாசம் எந்த வேலைன்னு பார்த்துடலாமா?" என்று பக்கத்தைப் புரட்டினாள்.