எட்டு ராணிகள், ஒரே ஒரு விடை

பழைய அலுவலகத்தில் அவருக்குச் சாமியார் என்று பெயர். காவி கட்டியவர் இல்லை, விரதம் இருந்தவரும் இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார் என்பதால் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு டயர் கம்பெனியின் சரக்குக் கணக்குப் புரோகிராமைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதை எழுதியவர்கள் எப்போதோ ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சாமியார் மட்டும் அதைப் பிள்ளையைப் போலக் காப்பாற்றி வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் பகுதியில் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய மேலாளர் முதல் நாள் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. பிறகு டயர் கம்பெனிக்காரர்கள் வேறு புரோகிராம் வாங்கினார்கள். மேலாளருக்கும் வேலை போயிற்று, சாமியாருக்கும் போயிற்று.

வீட்டில் உட்கார்ந்த முதல் சில மாதங்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கிளம்பும்போது இவர் வாசல் வரை வந்து செருப்பை எடுத்து வைப்பார். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தும் வைப்பார்.

கடைசியில் மைத்துனன்தான் வழி பண்ணினான். மனைவியின் தம்பி, பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறான். யார் யாரையோ பார்த்துப் பேசி நேர்காணலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு ஃபோன் பண்ணினான்.

"மாமா, உங்க வயசைக் கேட்டதும் கொஞ்சம் இழுத்தாங்க. நான்தான் அடிச்சுப் பேசியிருக்கேன். என் பேரைக் காப்பாத்திடுங்க."

"கவலைப்படாத மாப்ளே."

"ஏதாவது புதிர் மாதிரி கொடுத்து எழுதச் சொல்லுவாங்க. பதற்றப்படாதீங்க, அவ்வளவுதான்."

நேர்காணல் அறை சின்னது. ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, எதிரே ஒரு பெரிய திரை, நடுவே மேசையில் ஒரு மடிக்கணினி. கேள்வி கேட்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். தண்ணீர் வேண்டுமா, ஏசி அதிகமாக இருக்கிறதா என்று விசாரித்தாள். அந்த மரியாதையிலேயே சாமியாருக்குப் பாதிப் பயம் போனது.

"சதுரங்கப் பலகை தெரியும்ல சார்? எட்டுக்கு எட்டு. அதுல எட்டு ராணிகளை வைக்கணும். எந்த ராணியும் இன்னொண்ணை வெட்டக் கூடாது. நேராவும் சரி, குறுக்காவும் சரி, மூலைவாட்டிலயும் சரி. அப்படி ஒரு அமைப்பைக் கண்டுபிடிச்சா போதும்."

சாமியாருக்கு நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கல்லூரியில் எழுதிய கணக்கு இது. ஒரு வரிசைக்கு ஒரு ராணிதான். முதல் வரிசையில் ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். அந்தச் செங்குத்துப் பத்தியையும் இரண்டு மூலைவாட்டுக் கோடுகளையும் அடைத்ததாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே வேலையை அடுத்த வரிசைக்குச் செய்யச் சொல்லி அந்தச் செயல்முறை தன்னையே கூப்பிட வேண்டும். அடுத்த வரிசையில் எங்குமே இடம் இல்லை என்று பதில் வந்தால், வைத்த ராணியைத் திரும்ப எடுத்து, போட்ட குறிகளையும் அழித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் முயல வேண்டும்.

விறுவிறுவென்று எழுதினார். குறிகளை அழிக்கும் வரிகளைக்கூட மறக்கவில்லை. ஓட்டிப் பார்த்ததும் திரையில் விடை வந்து நின்றது: ஒன்று, ஐந்து, எட்டு, ஆறு, மூன்று, ஏழு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு வரிசையிலும் ராணி நிற்கும் கட்டம்.

"சூப்பர் சார். ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். நிஜமாகவே சொன்னாள், முகத்தில் தெரிந்தது. சாமியார் தண்ணீர் குடித்தார். மாலை போகும் வழியில் மனைவியின் கடைக்கே போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தார்.

"இப்ப ஒரு சின்ன மாற்றம். ஒண்ணு போதாது. இந்த மாதிரி மொத்தம் எத்தனை அமைப்பு இருக்குன்னு எண்ணணும்."

இது என்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தார். எட்டாவது ராணி உட்கார்ந்ததும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, 'ஆச்சு' என்று சொல்லித் திரும்ப வேண்டும். 'ஆச்சு' என்று பதில் வந்ததும் முன்பு வேலையை நிறுத்திய வரியை எடுத்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போக வைத்தார்; ஒரு தடவையாவது 'ஆச்சு' வந்திருந்தால், வரிசை முடிந்ததும் முந்தைய வரிசைக்கும் 'ஆச்சு' என்றே சொல்லச் செய்தார். 'முடியவில்லை' என்று வந்தால் ராணியை எடுக்கும் வரிகளை இருந்த இடத்திலேயே விட்டார். நன்றாக ஓடியவை அவை. ஓட்டினார்.

திரையில் 1 என்று வந்தது.

"ஒண்ணுதானா சார்?" என்று கேட்டாள்.

"இல்ல, இருக்காதும்மா. கண்ணாடியில பாக்குற மாதிரி இடவலமாத் திருப்பிப் போட்டாலே இன்னொண்ணு வரணும்."

"கரெக்ட். அப்ப எங்க மாட்டுது?"

சாமியார் ராணிகள் வெட்டிக்கொள்கின்றனவா என்று சோதிக்கும் பகுதிக்குப் போனார். கூட்டலைப் பார்த்தார், கழித்தலைப் பார்த்தார். எல்லாம் சரி. மறுபடி ஓட்டினார். 1. மறுபடியும் அதே பகுதிக்குப் போய், சரியாக இருந்ததை இன்னொரு விதமாக எழுதினார். 1.

அந்தப் பெண் எழுந்து வெள்ளைப் பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போட்டாள். "சின்னதா எடுத்துக் கையால போட்டுப் பாருங்க சார். அவசரமே இல்ல."

சாமியார் பேனாவை வாங்கினார். முதல் வரிசையில் முதல் கட்டம். இரண்டாவது வரிசையில் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் மூன்றாவது வரிசை முழுக்க அடைபட்டது. அழித்தார். நான்காம் கட்டத்தில் வைத்தார். மூன்றாவது வரிசையில் இரண்டாம் கட்டம் கிடைத்தது, ஆனால் கடைசி வரிசையில் இடமே இல்லை. எல்லாவற்றையும் அழித்து, முதல் ராணியை இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்தினார். இப்போது இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று என்று நாலும் உட்கார்ந்துவிட்டன.

"இது ஒண்ணு, எண்ணியாச்சு. இப்ப உங்க புரோகிராம் அடுத்து என்ன பண்ணும்?"

"அடுத்த கட்டத்தைப் பாக்கும்."

"பாத்தா?"

"அடைச்சிருக்கும்."

"ஏன் அடைச்சிருக்கு?"

"ராணிங்க நிக்கிறாங்களே."

"ஏன் இன்னும் நிக்கிறாங்க?"

சாமியார் பலகையைப் பார்த்தார். நாலு ராணிகளும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் அழகாக நின்றன. இதில் என்ன தப்பு? "விடை வந்துடுச்சேம்மா" என்றார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இவர் மறுபடி மடிக்கணினி முன் உட்கார்ந்து சோதிக்கும் பகுதியையே நோண்டினார். நேரம் முடிந்தது. அவள் எழுந்து கை குலுக்கினாள். முதலில் இருந்த அதே மரியாதை, இம்மி குறையவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். யாரும் எதுவும் கேட்காத அந்த இரைச்சலில், எந்தப் பாடும் இல்லாமல், அது அவருக்குப் புரிந்தது. தோற்றால் மட்டும் ராணியை எடுத்தேன். ஜெயித்தபோது எடுக்கவில்லை. முதல் விடை கிடைத்ததும் எட்டுப் பத்தியிலும் குறி அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் அடைப்புதான். பதில் எதுவாக வந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும் வரிகளை 'முடியவில்லை என்று வந்தால்' என்ற நிபந்தனைக்கு வெளியே தள்ளினால் போதும். அவ்வளவுதான்!

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு இறங்கினார். வந்த வழியே வேர்க்க விறுவிறுக்க நடந்தார், கடைசியில் ஓடினார். வாயிலில் காவலர் மறித்தார்.

"பாஸ் எங்க சார்?"

"இப்பதான் திருப்பிக் கொடுத்துட்டுப் போனேன். அந்தம்மாவை ஒரு நிமிஷம் பாக்கணும். ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"பாஸ் இல்லாம உள்ள விட முடியாது சார். என் வேலை போயிடும்."

மைத்துனனுக்கு ஃபோன் செய்தார். அவன் இறங்கி வந்தான். வரும்போதே அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, கண்டுபிடிச்சுட்டேன். ஜெயிச்சாலும் எடுக்கணும்! அந்த வரி ஒரு படி உள்ள மாட்டிக்கிச்சு. வேற எதுவும் தப்பு இல்ல. நீ போய்ச் சொல்லு."

"மாமா, மெதுவாப் பேசுங்க." அவரைச் சுவரோரம் நகர்த்தினான். "அவங்க அப்பவே வேணாம்னு எழுதி அனுப்பிட்டாங்க. நான் கேட்டுட்டேன்."

"ஒரு வரிதாண்டா."

"தெரியும் மாமா. தப்பு எல்லாருக்கும் வரும். தப்புன்னு தெரிஞ்சப்புறம் ஆள் என்ன பண்றாருன்னுதான் பாப்பாங்க. அவங்க ரெண்டு தடவை வழி காட்டியும் நீங்க பாத்த இடத்தையே பாத்துட்டு இருந்தீங்களாம்." வாயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். "என் டீமையே கலைக்கப் போறதாப் பேச்சு. நான் இப்ப யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க இப்படி வந்து நிக்காதீங்க, என்ன?"

சொல்லிவிட்டு அவர் தோளைத் தட்டினான். பிறகு தட்டியது சரியா என்று தெரியாதவன் போல் கையை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அடுப்படிக்குப் போனாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டீயைத் தொடாமல் கணினியைத் திறந்து மொத்தத்தையும் திரும்ப எழுதினார். எடுக்கும் வரிகளை வெளியே வைத்தார். ஓட்டினார். 92 என்று வந்தது.

"தொண்ணூத்திரண்டு" என்றார் சத்தமாக.

அவள் பின்னால் வந்து நின்றாள். "சரியா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப அதை அனுப்பி வைங்களேன்."

அனுப்பினார். தப்பு எங்கே, ஏன், எப்படித் திருத்தினேன் என்று நாலு வரி எழுதி, மன்னிக்கவும் என்று முடித்து, நேர்காணலுக்கு அழைப்பு வந்த மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பினார். அடுத்த நொடியே பதில் வந்தது. இருவரும் குனிந்து படித்தார்கள். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்று எழுதியிருந்தது.

அவர் தோளில் கை வைக்கப் போனவள், வைக்காமல் டீ டம்ளரை எடுத்தாள். ஆறிய டீயில் ஆடை படிந்திருந்தது.

"எங்க முதலாளி கேட்டாருங்க" என்றாள், டம்ளரைப் பார்த்தபடியே. "குடோன்ல பெட்டி இறக்கி அடுக்க ஆள் வேணுமாம். போன வாரமே கேட்டாரு. நான்தான் சொல்லல. இந்த வேலை கிடைச்சுடும்னு இருந்தேன்."

"உங்க அக்கவுண்டன்ட், டெலிவரிப் பையன், எல்லாரும் என்னைப் பாப்பாங்களே."

"பாப்பாங்க."

சாமியார் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப வரச் சொன்னாரு?"

"நாளைக்கே வரலாம்."

"சரி" என்றார். அவள் டீயைச் சூடு பண்ண உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் மூடவே இல்லை.