மூத்தவனுக்கு முதலில்

திங்கட்கிழமை மூத்த மகன் நதாவைப் புதைத்தார்கள். ஏழு நாள் துக்கம் பாதியில் இருக்கும்போதே வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து, இஸ்ரேலின் ரமத் கானில் எல்லா வீட்டுக்கும் வருகிற சப்பாத் என்னும் யூத ஓய்வுநாள் அந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. சப்பாத்தில் துக்கத்தை வெளியே காட்டக்கூடாது. ஆகவே அம்மா வியோலெட் துக்கம் காக்கிறவர்கள் உட்காரும் தாழ்ந்த ஸ்டூலை விட்டு எழுந்து, துக்கத்துக்குக் கிழித்த சட்டையை மாற்றி, சப்பாத் விளக்குகளை ஏற்றி, ஜெபத்துக்காக இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவேயில்லை. சட்டம் வகுத்த மகராசர்களுக்குப் பிள்ளை செத்ததில்லை போலிருக்கிறது!

மகள் ஹதாஸுக்கு ஒரே பயம்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஆசீர்வதிக்கிற அப்பா இன்று தன் தலையில் கை வைப்பாரா?

வேலை முடிந்து பஸ்ஸைத் தவறவிட்ட அவள்தான் அண்ணனைக் கூப்பிட்டாள். தங்கையை ஏற்றிவர ஸ்கூட்டரில் கிளம்பினவனை லாரி அடித்துப்போட்டது. செய்தி கேட்டதும் அப்பா நயீம் அவளைப் பார்த்து, "அடுத்த பஸ் வராமலா போயிடும்?" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அம்மா, அப்பா எனக்கு ஆசீர்வாதம் பண்ணுவாரா?"

"பண்ணாம? பெத்தவர்டி அவர்."

"மூஞ்சியக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரே."

"என் மூஞ்சிய மட்டும் பார்க்கறாரா? போ, போய் ரொட்டிய மூடி வை."

ஜெப ஆலயத்திலிருந்து அப்பாவும் பெரியப்பா ஸலீமும் வந்தார்கள். "சப்பாத் ஷாலோம்" என்று பெரியப்பா மட்டும் வாழ்த்துச் சொன்னார். தேவதூதர்களை வரவேற்கும் பாட்டை அவர் எடுத்துக் கொடுக்க, அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. பாட்டு முடிந்தது. அடுத்து பிள்ளைகள் முறை.

வாராவாரம் மூத்தவனுக்குத்தான் முதலில். நதாவ் ஆறடி வளர்த்தி. "ஒட்டகமே, மண்டி போடு! உன் தலைக்கு ஏணியா வைப்பேன்?" என்பார் அப்பா. அவன் குனிவான். ஹதாஸ் பின்னால் நின்று அவனைக் கிள்ளுவாள்.

இன்று அப்பா மேசையருகே அசையாமல் நின்றார். தர்மசங்கடம் தாங்காமல் பெரியப்பா கையை நீட்டினார். "இங்க வாம்மா, நான் பண்றேன். யார் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தானே?"

"வேண்டாம் பெரியப்பா. எனக்கு அப்பா இருக்கார்."

சொல்லிவிட்டு அப்பாவின் எதிரே போய்த் தலை குனிந்து நின்றாள். அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். பழகின கை, உயரத்தில் எதையோ தேடிவிட்டுத்தான் கீழே இறங்கி அவள் உச்சியில் உட்கார்ந்தது. அந்தச் சூட்டில் அவளுக்கு அழுகை முட்டியது.

"எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் இறைவன் உன்னை ஆக்கட்டும்."

வியோலெட் "ஐயோ" என்றாள். அது ஆண்பிள்ளைக்குச் சொல்வது. பெண்ணுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள். பெரியப்பா திருத்த வாயெடுக்க, வியோலெட் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆண்டவன் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்..." சொல் பாதியில் நின்றது. காத்த லட்சணம்தான் தெரிந்ததே! விரலில் பின்னல் தட்டுப்பட்டுக் கண் திறந்தவர், சுட்டதுபோல் கையை எடுத்தார்.

ஹதாஸ் அந்தக் கைகளைப் பிடித்து மறுபடி தன் தலையில் வைத்தாள்.

"முடிச்சிடுங்கப்பா. அண்ணனுக்கு உள்ளத முழுசா சொல்லிடுங்க. எனக்கு அப்புறம்."

அவர் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் கல்லைப் புரட்டுகிற பாடாக இருந்தது. "ஆண்டவன் உன்னைக் காக்கட்டும். தன் முகத்தின் ஒளியை உன்மேல் வீசி அருள் செய்யட்டும். தன் முகத்தை உன் பக்கம் உயர்த்தி உனக்கு அமைதி தரட்டும்."

"ஆமென்" என்றாள் ஹதாஸ், அண்ணனுக்காக.

அவள் நகரவில்லை. தன் முறைக்காக அதே இடத்தில் நின்றாள். அப்பாவின் கைகள் இன்னும் அவள் தலையில்தான் இருந்தன. உதடு பிரிந்து, "சாராளை..." என்று தொடங்கிய குரல் அங்கேயே நின்றுபோனது. மறுபடி முயன்றார். வரவில்லை.

"என்னால முடியலடா கண்ணு," என்றார். அந்தச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு. "உன் மேல கோபமில்லன்னு பொய் சொல்ல வரல. அத வச்சுக்கிட்டு இத எப்படிச் சொல்றது? அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம்."

பேசாமல் இருந்தபோது வலித்ததைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது.

"சரிப்பா," என்றாள். ஆசீர்வாதம் வாங்கின பிள்ளை பெற்றவர் கையை முத்தமிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவளும் குனிந்து அப்பாவின் வலது கையை முத்தமிட்டாள். பெரியப்பா திராட்சரசக் கோப்பையை எடுத்து அப்பாவிடம் நீட்ட, வலது கையில்தான் ஏந்த வேண்டிய அதை, வலது கையை அவளிடமிருந்து எடுக்காமலே, அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார்.