ஒன்றும் கேட்கவில்லை

தன் ஊரான அகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூற்பாலையில் மதியழகன் பிட்டர். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களில் எது நின்றாலும் ஸ்பேனரோடு போய் நிற்பவன் அவன்தான். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது மெஷினுக்கு அல்ல. நல அலுவலர் புவனேஸ்வரியின் அறைக்கு.

மேஜைமேல் அவன் கொடுத்த தாள் கிடந்தது. நூல் பிணைக்கும் ஜக்கம்மாள், சூப்பர்வைசர் சடையாண்டிமேல் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் புகார் எழுதியிருந்தாள். சம்பவம் நடந்தபோது அங்கே நின்றவர்களில் ஒருவன் என்று மதியழகனிடம் சாட்சி வாக்குமூலம் கேட்டிருந்தார்கள். அவன் நாலே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். சடையாண்டி சார் எப்போதுமே இப்படித்தான். ஜக்கம்மாள் நல்ல பிள்ளை. அது அழுதுகொண்டே போனது. மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இதை வைத்துக் குழு ஒரு முடிவுக்கும் வர முடியாது, அதனால் இன்னொரு வாக்குமூலம் வரிசையாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் புவனேஸ்வரி. எதை எழுத வேண்டும் என்று தான் சொல்லக் கூடாது, எப்படி எழுதுவது என்று மட்டும்தான் சொல்லலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஜக்கம்மாளின் புகாரில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதற்கு, அதையும் சொல்லக் கூடாது என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்ல பிள்ளை, கெட்ட ஆளு, இதெல்லாம் உங்க கருத்து. அத நீங்க வச்சுக்கங்க. உங்க கண்ணு முன்னால நடந்தத மட்டும் எழுதுங்க. முதல்ல நடந்தது முதல்ல."

அவள் சொல்லிக்கொடுத்த விதம் அவனுக்குப் புரிகிற மாதிரியே இருந்தது. மெஷினைப் பிரிக்கும்போது கழற்றிய வரிசையில் பாகங்களை வைப்பதுபோல, நடந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். மணி நினைவில்லை என்றால் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. டீ வண்டி வந்துபோன பிறகு என்று எழுதலாம். எங்கே நின்றீர்கள், முகம் எந்தப் பக்கம் இருந்தது, பக்கத்தில் யார் யார் என்பதெல்லாம் வேண்டும். பிறர் சொல்லித் தெரிந்ததைச் சொன்னவர் பெயரோடு தனியாக எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும்.

மதியழகன் குனிந்து எழுதினான். டீ வண்டி போன பிறகு, கடைசி ஜன்னலுக்குப் பக்கத்து மெஷினில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வலப்பக்கம் ராமர். எதிரில் பாபின் எடுக்கும் முகேஷ்குமார். ராமர் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அப்போது ஜக்கம்மாள் எதிர் மெஷினில் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். சடையாண்டி அவளிடம் வந்தார்.

பேனா அங்கே நின்றது. பிறகு, அவர் ஏதோ சொன்னார், மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தான்.

புவனேஸ்வரி விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே படித்தாள். ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றாள். அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல. ராமர் ஸ்பேனர் கேட்டாரு, நம்பர் மொதக்கொண்டு எழுதிருக்கீங்க. அந்தச் சத்தத்துல அது எப்படிக் கேட்டுச்சு?"

அவள் மடக்கிக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உண்மையிலேயே அது எப்படி என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். அதுதான் அவனைக் கொன்றது.

ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. காதில் அடைப்பான் வேறு. ஆனால் அங்கே யாரும் ஊமையாக இருப்பதில்லை. உதட்டசைவைப் பார்த்தே எல்லாம் பேசிக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திணறுபவர்கள்கூட அடுத்த பொங்கலுக்குள் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு குடும்பச் சண்டை வரைக்கும் பேசுவார்கள். மதியழகன் அதில் கில்லாடி. கூடத்தின் மறுகோடியில் யார் யாரை ஏசினாலும் சொல்லிவிடுவான்.

ஒன்றும் கேட்கவில்லை என்பது பொய் இல்லை. அதனால்தான் அவன் அதைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"உதட்டப் பாத்துத்தான் மேடம்," என்றான், மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு.

அவள் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக மெஷின்களின் இரைச்சல் மெலிதாக வந்துகொண்டிருந்தது. கேட்டதா என்று எழுத வேண்டியதில்லை, எப்படித் தெரிந்ததோ அப்படியே எழுதலாம் என்றாள். உதட்டசைவைப் பார்த்தேன், எனக்கும் அவருக்கும் இடையில் இவ்வளவு தூரம், முகம் என் பக்கம் இருந்தது என்று எழுதினால் குழு அதை எடைபோட்டுப் பார்க்கும். காதால் கேட்டேன் என்று எழுதினால்தான் சடையாண்டி தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

"இது ரெண்டு பேருக்கும் போகுமா மேடம்?"

"நகல் ரெண்டு தரப்புக்கும் போகும்."

"ஜக்கம்மா படிக்குமா?"

"படிக்கும்."

அவன் காது மடல் சுட்டது. முதல் தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டான். முடியாது, கொடுத்தது கோப்பில் இருக்கும், ஏன் மாற்றி எழுதுகிறீர்கள் என்பதை இதில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்றாள். சடையாண்டி அவனுக்கும் ஷிப்ட் போடுகிறவர் என்பது அவளுக்குத் தெரியும். சாட்சி சொன்னதற்காக யாரும் அவன்மேல் கைவைக்க முடியாது, அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே தன்னிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். அவன் பயந்தது அதற்கில்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினான்.

புதுத்தாளில் மறுபடி எழுதினான். சடையாண்டி சொன்னது என்ன என்று வந்த இடத்தில், அசிங்கமாகப் பேசினார் என்று போட்டான். அதுவும் கருத்துதான், சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும் என்றாள் அவள். எழுதி முடிக்கும்வரை தான் பார்க்க மாட்டேன் என்று நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவன் அந்த வார்த்தையை எழுதினான். கூடவே சடையாண்டி கையால் காட்டிய சைகையையும் எழுதினான். நேரில் பார்த்தபோது அது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. எழுத்தில் அது முடியவே மாட்டேன் என்றது.

"எழுதிட்டேன் மேடம்."

"அதுக்கு அடுத்து என்ன நடந்துச்சு?"

"அது அழுதுட்டுப் போச்சு."

"அடுத்ததே அதுதானா?"

இடையில் ஒன்று இருந்தது. ஜக்கம்மாள் நிமிர்ந்து, சடையாண்டியைப் பார்க்காமல் இவர்களைப் பார்த்தாள். ஊர்க்காரன், பிட்டர் அண்ணன் இருக்கிறார் என்றுதான் பார்த்திருப்பாள். ராமர் சிரித்துக்கொண்டிருந்தான். முகேஷ்குமாரும். அவள் பார்த்த மூன்றாவது முகம் இவனுடையது. அதிலும் சிரிப்பு இருந்தது. அதன்பிறகுதான் அவள் அழுதாள்.

அதையும் அவன் எழுதினான். ராமர் சிரித்தான். முகேஷ்குமார் சிரித்தான். நானும் சிரித்தேன். ஜக்கம்மாள் எங்களைப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே வெளியே போனாள்.

கையெழுத்துப் போடுமுன் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. புவனேஸ்வரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். நானும் சிரித்தேன் என்பதையும் பெல்ட் மாற்றியதை வாசித்த அதே குரலில் வாசித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"கடைசியில ஒரு வரி சேத்துக்கிறேன் மேடம். நான் செஞ்சது தப்புன்னு."

"நடந்ததச் சொல்றதுக்குத்தான் இது. உங்க மன்னிப்புக்கு இதுல எடம் இல்ல, மதியழகன்."

"பின்ன எங்க சொல்ல?"

விசாரணை முடியும்வரை இதைப் பற்றி ஜக்கம்மாளிடமோ மற்றவர்களிடமோ பேசக் கூடாது என்பதை மட்டும், சொல்லவே கூசுபவள்போல, சொன்னாள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான். பெற்றுக்கொண்டதற்கு அவள் சீட்டுக் கொடுத்தாள். ஷிப்ட் முடிந்து மில் பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. அகரம் போகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாளும் அதில்தான் ஏறுவாள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சே, கிளம்பலையா என்றாள் புவனேஸ்வரி.

"அது போகட்டும் மேடம்," என்றான். "நான் மெயின் ரோட்டுக்கு நடந்து போயி டவுன் பஸ்ல போயிக்கிறேன்."