வலப்பக்க வெளிச்சம்

சேலத்து சினிமா ஸ்டுடியோவில் விளக்கு மாட்டும் பரணிலிருந்து விழுந்து லைட்மேன் சின்னண்ணன் செத்தான். அவன் விழுந்த தளத்தைக் கூட்டுகிற வேலையைப் பெண்டாட்டி பெரியநாயகி கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறெங்கும் அவன் இல்லை, இங்காவது இருப்பான் என்று ஒரு நப்பாசை.

ஒரு சாமி படத்துக்குச் செம்பருத்தி மொட்டு விரிய வேண்டியிருந்தது. கேமரா உதவியாளன் தோமினிக் நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்தான். ஓட்டும்போது பூ கண்ணெதிரே விரியும். அவன் நகர்கிறபோதெல்லாம் பெரியநாயகிதான் கடிகாரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினாள்.

பிலிமைக் கழுவி ஓட்டிப் பார்த்தால், பூ குளிர்காய்ச்சல் கண்டதுபோல மினுக்கியது.

"சின்னண்ணன் லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கறானாட்ட இருக்குது," என்றான் லைட்மேன் சென்னியப்பன். "செத்தும் ஓவர்டைம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியநாயகி சிரிக்கவில்லை.

தோமினிக் சன்னல் இடுக்குகளைக் கறுப்புத் துணியால் அடைத்தான். பக்கத்துத் தளத்தில் பெரிய விளக்குகளைப் போட்டால் இங்கே கரண்டு இறங்குகிறதென்று, தன் விளக்கை பாட்டரிக்கு மாற்றினான். லென்சின் வளையம் அசையாதபடி பிளாஸ்திரி ஒட்டினான். புது மொட்டு வைத்து மறுபடி எடுத்தார்கள்.

மங்கலும் துடிப்பும் போயிருந்தன. ஆனால் பூவின் வலப்பக்க நிழலில் மட்டும் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது.

அந்தப் பக்கம்தான் சின்னண்ணன் விழுந்தான். பெரியநாயகி திரைக்குக் கிட்டே போனாள்.

"அவரு நெசமா வாராருங்க, தம்பி."

தோமினிக் பிலிமைக் கையில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "அக்கா, பொத்தான அமுக்கறப்ப எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"இந்தப் பக்கந்தானுங்க. சிலப்ப கிட்டக் குனிவேன், சிலப்ப எட்டி நின்னே கைய நீட்டுவேன்."

அவன் கண் அவளுடைய வெள்ளைச் சேலையில் நின்றது. கறுப்பு வெல்வெட் துணியொன்றை எடுத்து நீட்டினான்.

"தாலியறுத்தவ வெள்ளைக்கு மேல இதப் போத்தறதா? ஊருல காறித் துப்புவாங்க, சாமி."

"உள்ள ஆரு பாக்கறா? ஒரே ஒரு நாளு, அக்கா."

போர்த்திக்கொண்டாள். இன்னொரு மொட்டு வைத்து, அன்று முழுக்கப் பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னான்.

மறுநாள் திரையில் செம்பருத்தி அசங்காமல் விரிந்தது. வலப்பக்க நிழல் கடைசிவரை நிழலாகவே கிடந்தது. டைரக்டர் கைதட்டினார். தோமினிக் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"வெள்ளைத் துணியில பட்ட விளக்கு வெளிச்சம் திரும்பிப் பூ மேல அடிச்சிருக்குதுங்கக்கா. கிட்டக் குனிஞ்சா அடிக்கும், எட்டி நின்னா இருக்காது."

"அப்ப அத்தன தடவையும் நாந்தான் வந்து வந்து போனேனா?"



அடுத்த வாரம் டைரக்டர் தாமரை மொட்டு கேட்டார். தோமினிக் ஆளனுப்பினான், அவள் வரவில்லை. ராசிபுரம் பஸ் நிற்கிற இடத்தில் மூட்டையோடு நின்றவளை அவனே போய்க் கூப்பிட்டான்.

"அண்ணன் நின்ன எடம், அக்கா. வேலைய உட்டுட்டுப் போலாமா?"

"அங்க ஆரும் இல்லீங்க, தம்பி," என்றாள். "நீங்கதான பாத்துச் சொன்னீங்க."